தடத்தைச் சுற்றப் பிடிக்காதவர்களுக்கு ஒரு வேக விளையாட்டு

உயர்நிலை நான்கில் படிக்கும் என் தம்பி, இந்த ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்ததும் காலணியைக் கழற்றி அலமாரியின் அடியில் தள்ளிவிட்டு, “இனிமே நான் ஓட மாட்டேன் அக்கா” என்றான். நாஃபா உடலுறுதித் தேர்வுக்கு முன்னோட்டமாக அன்று 2.4 கிலோமீட்டர் ஓடியிருக்கிறார்கள். 400 மீட்டர் தடத்தில் ஆறு சுற்று. நான்காவது சுற்றில் அவன் நடக்கத் தொடங்கியிருக்கிறான். மற்ற மாணவர்கள் ஒவ்வொருவராக அவனைக் கடந்து சென்றிருக்கிறார்கள். எப்படியோ நடந்தும் ஓடியும் 15 நிமிடம் 34 விநாடியில் முடித்திருக்கிறான்.

கோட்டருகே நின்ற அவன் நண்பன் ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் கைப்பேசியில் குறித்து வைத்திருந்தான். அதை வாங்கிப் பார்த்தேன். முதல் சுற்று 1 நிமிடம் 42 விநாடி. இரண்டாவது 2.15. மூன்றாவது 2.40. நான்காவது 3.05. பிறகு 3.02. கடைசிச் சுற்று 2.50.

அந்த ஆறு எண்களைப் பார்த்ததும் எனக்கு ஒன்று புரிந்தது. தம்பிக்கு ஓடத் தெரியாமல் இல்லை. முதல் சுற்றை அந்த வேகத்தில் ஓடியவனுக்குக் காலில் வலு இருக்கிறது. வேகத்தை எவ்வளவு கூட்டலாம், கூட்டிய பிறகு மூச்சை எப்படித் திரும்பப் பெறுவது என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் அதைக் கற்றுக்கொள்ள அவன் மீண்டும் தடத்துக்குப் போகத் தயாராக இல்லை. “ஒரே வட்டத்த சுத்திச் சுத்தி ஓடுறப்போ எத்தன சுத்து மிச்சம்னு எண்ணுறதே பாதி வேதன” என்றான்.

நானும் தொடக்கக் கல்லூரியில் அதே வேதனையை அனுபவித்தவள்தான். பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகு, மெதுவோட்டக் குழுவில் இருந்த ஒரு மூத்த மாணவி எனக்கு வேறொரு பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தார். அதைத் தம்பியிடம் சொன்னேன். பெயர் ஃபார்ட்லெக். பெயரைக் கேட்டதும் அதுவரை முகத்தைத் தூக்கி வைத்திருந்தவன் விழுந்து விழுந்து சிரித்தான். ஆங்கிலம் தெரிந்த எவருக்கும் காரணம் புரியும்.

சுவீடன் காட்டிலிருந்து வந்த சொல்

உண்மையில் அது சுவீடிய மொழிச் சொல். ‘ஃபார்ட்’ என்றால் வேகம், ‘லெக்’ என்றால் விளையாட்டு. வேக விளையாட்டு என்று தமிழில் சொல்லலாம். 1930களில் சுவீடனின் ஓட்டப் பயிற்றுவிப்பாளர் யோஸ்டா ஹோல்மேர் இதை உருவாக்கினார். அந்தக் காலத்தில் நெடுந்தூர ஓட்டத்தில் பக்கத்து நாடான ஃபின்லாந்தை வெல்ல ஆளில்லை. ஹோல்மேர் தம் வீரர்களைத் தடத்தில் சுற்ற விடுவதற்குப் பதிலாகக் காட்டுப் பாதைகளில் ஓட விட்டார். நிதானமாக ஓட வேண்டும். ஒரு மேடு வந்தால் வேகமாக ஏற வேண்டும். மூச்சு சீரானதும் அடுத்து எங்கே வேகம் எடுப்பது என்று ஓடுபவரே முடிவு செய்ய வேண்டும்.

1940களில் இதே முறை புழங்கிய சுவீடனிலிருந்துதான் குண்டர் ஹேக், ஆர்னே ஆண்டர்சன் என்ற இருவர் ஒரு மைல் ஓட்டத்தின் உலகச் சாதனையை மாற்றி மாற்றி முறியடித்துக்கொண்டிருந்தார்கள். 1945ல் ஹேக் ஓடிய 4 நிமிடம் 1.4 விநாடி என்ற சாதனை, 1954ல் இங்கிலாந்தின் ரோஜர் பேனிஸ்டர் நான்கு நிமிடத்துக்குள் ஓடும்வரை நிலைத்தது.

அந்த வீரர்கள் ஓடிய காடு நம்மிடம் இல்லை. ஆனால் இந்தப் பயிற்சிக்குக் காடு கட்டாயம் இல்லை. கண்ணுக்குத் தெரியும் ஓர் அடையாளம் போதும். விளக்குக் கம்பம், இருக்கை, குப்பைத் தொட்டி, பாலத்தின் தொடக்கம், மழை மரம் என்று எங்கள் பேட்டையைச் சுற்றி அடையாளங்களுக்குப் பஞ்சமே இல்லை.

பயிற்சியின் வடிவம் இவ்வளவுதான்: வழக்கமாக ஓடும் ஒரு 30 நிமிட மெதுவோட்டத்துக்கு நடுவே, விரும்பிய இடத்தில் விரும்பிய தூரத்துக்கு வேகம் எடுப்பது, பிறகு நிற்காமல் மெதுவோட்டத்துக்குத் திரும்புவது, மூச்சு அடங்கியதும் மீண்டும் ஒரு பாய்ச்சல். எத்தனை, எவ்வளவு நேரம் என்று முன்கூட்டியே எழுதி வைப்பதில்லை.

சட்டமே இல்லாத இந்த விளையாட்டில் ஒரு சிக்கல் உண்டு. சட்டம் இல்லாததால் புதிதாக ஓடுபவர்கள் பெரும்பாலும் முதல் பாய்ச்சலிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள். என் தம்பியும் அதைத்தான் செய்தான்.

முதல் நாள், பிடோக் நீர்த்தேக்கம்

ஒரு சனிக்கிழமை மாலை ஆறரை மணிக்குப் பிடோக் நீர்த்தேக்கப் பூங்காவுக்கு அவனை அழைத்துச் சென்றேன். நீர்த்தேக்கத்தைச் சுற்றி வரும் பாதை நான்கு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். எத்தனை சுற்று என்று எண்ண வேண்டிய தேவையே வராது. வெயில் தணிந்துவிட்டது, வெளிச்சமும் இருந்தது. அவன் கைக்கடிகாரத்தை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். என் கடிகாரத்தை நான் மட்டும் பார்த்துக்கொண்டேன்.

ஐந்து நிமிடம் நடந்தோம். பிறகு பத்து நிமிடம் பேசிக்கொண்டே மெதுவாக ஓடினோம். இந்தப் பத்து நிமிடத்தைக் குறைக்கக் கூடாது. தசைகள் சூடேறும் முன் வேகம் எடுத்தால் தொடையின் பின்தசை இழுத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம்.

“சரி, இப்ப நீயே ஒரு இடத்த பார்த்துக்கோ. அதுவரைக்கும் வேகமா ஓடு” என்றேன். தூரத்தில் இருந்த ஓர் இருக்கையைக் காட்டினான். அடுத்த நொடி ஆளைக் காணோம். 100 மீட்டர் பந்தயம்போல் ஓடி 20 விநாடியில் இருக்கையைத் தொட்டுவிட்டான். நான் போய்ச் சேர்ந்தபோது சிரித்துக்கொண்டே நின்றான். “ஈசியா இருந்துச்சு” என்றான். அடுத்த பத்து விநாடியில் சிரிப்பு மறைந்தது. இடுப்பில் கை வைத்துக் குனிந்தான். மீண்டும் நிமிர்ந்து பேசும் நிலைக்கு வர மூன்று நிமிடத்துக்கு மேல் ஆனது.

தடத்தில் நான்காவது சுற்றில் அவனுக்கு நடந்ததும் இதுதான். சிறிய அளவில் இங்கே மீண்டும் நடந்தது.

மூச்சு பின்னால்தான் வரும்

திடீரென்று வேகம் எடுக்கும்போது கால் தசைகளுக்கு அந்த நொடியே அதிக ஆற்றல் வேண்டும். ஆனால் மூச்சும் இதயமும் அந்தத் தேவைக்கு ஏற்ப உயர ஒன்றிரண்டு நிமிடம் பிடிக்கும். அதுவரை தசைகள் தம்மிடம் உள்ள சேமிப்பை எடுத்துச் செலவழிக்கின்றன. அதனால்தான் 20 விநாடி முழு வேகத்தில் ஓடும்போது எளிதாகத் தோன்றுகிறது. செலவின் கணக்கு ஓட்டம் முடிந்த பிறகு வந்து சேருகிறது. அதைத்தான் மேல்மூச்சு கீழ்மூச்சாக உணர்கிறோம்.

இதிலிருந்து ஒரு நடைமுறை உண்மை கிடைக்கிறது. ஒரு பாய்ச்சல் சரியான அளவில் இருந்ததா என்பதை ஓடும்போது உணரும் களைப்பை வைத்து முடிவு செய்யக் கூடாது. அதற்குப் பிறகு மூச்சு அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஃபார்ட்லெக்கில் புதியவர்கள் கவனிக்க வேண்டியது வேகமான பகுதியைவிட அதற்குப் பின்வரும் மெதுவான பகுதியைத்தான்.

அந்த நேரத்தை அளக்கக் கடிகாரம் வேண்டாம். ஒரு வாக்கியம் போதும். நானும் தம்பியும் ஒரு வாக்கியத்தை முடிவு செய்தோம். உண்மையில் அவன்தான் முடிவு செய்தான்: “அக்கா, வீட்டுக்குப் போறப்போ எனக்கு ஒரு ஐஸ் மைலோ வாங்கிக் கொடுக்கணும்.” மெதுவோட்டத்தில் இருந்தபடியே இதை இடையில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் அடுத்த பாய்ச்சலுக்குத் தயார். ‘ஐஸ் மைலோ’வுக்கு முன்பே மூச்சு அறுந்தால் இன்னும் கொஞ்சம் மெதுவாக ஓட வேண்டும்.

முதல் பாய்ச்சலுக்குப் பிறகு அவன் “அக்கா, வீட்டுக்கு...” என்பதற்கு மேல் போகவில்லை.

மீதி ஐந்து பாய்ச்சல்கள்

இரண்டாவது பாய்ச்சலுக்கு முன் அவனிடம் வேகத்தை வேறு விதமாகச் சொன்னேன். “பஸ் வந்துருச்சு. பிடிக்கணும். ஆனா நீ பதறுறது பஸ் ஸ்டாப்ல நிக்குறவங்களுக்குத் தெரியக் கூடாது.” புரிந்துகொண்டான். தோள்களைத் தளர விட்டு, எட்டுகளை நீட்டாமல் காலடிகளை மட்டும் விரைவாக்கினான். முதல் நான்கைந்து அடிகளில் படிப்படியாக வேகம் ஏறியது. இரண்டு விளக்குக் கம்பங்களைக் கடந்து நிறுத்தினான். 30 விநாடி. நிற்கவில்லை, மெதுவோட்டத்துக்கு மாறினான். ஒன்றரை நிமிடத்தில் வாக்கியம் முழுமையாக வந்தது.

மூன்றாவது, குப்பைத் தொட்டியிலிருந்து பாதை வளையும் இடம்வரை. 40 விநாடி. மூச்சு அடங்க இரண்டு நிமிடம். நான்காவது ஒரு சிறு ஏற்றம். 25 விநாடிதான். ஏற்றத்தில் வேகம் எடுத்தால் கால்களுக்கு வேலை கூடும், ஆனால் வேகம் தானாகவே கட்டுக்குள் இருக்கும். அதனால் புதியவர்களுக்கு ஏற்றம் நல்ல ஆசான். ஒன்றரை நிமிடத்தில் மூச்சு திரும்பியது.

ஐந்தாவது பாய்ச்சலில் அவன் கொஞ்சம் துணிந்தான். கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்த ஒரு கூடாரத்தைக் குறிவைத்து ஒரு நிமிடம் ஓடினான். கடைசிப் பத்து விநாடியில் முகம் இறுகியது. ஆனாலும் உடைந்து போகவில்லை. மூச்சு அடங்க இரண்டரை நிமிடம் ஆனது. ஆறாவது 35 விநாடி. அது இரண்டாவது பாய்ச்சலைப் போலவே இலகுவாக இருந்தது. அங்கேயே நிறுத்தச் சொன்னேன். “இன்னும் ஒண்ணு போகலாமே” என்றான். அப்படிக் கேட்டதால்தான் நிறுத்தச் சொன்னேன். இன்னும் ஒன்றிரண்டு ஓடலாம் என்ற நிலையில் முடிப்பதே புதியவருக்குச் சரியான அளவு. கடைசியாக ஐந்தாறு நிமிடம் மெதுவாக ஓடி முடித்தோம்.

கூட்டிப் பார்த்தால் அந்த அரைமணி நேர ஓட்டத்தில் வேகமாக ஓடியது மூன்றரை நிமிடம் மட்டுமே. இது மிகக் குறைவாகத் தோன்றலாம். முதல் முறைக்கு இதுவே போதும். பாய்ச்சல்களுக்கு நடுவே மெதுவாக ஓடிய நேரமும் வீணான நேரம் அன்று. நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பதால் இதயத் துடிப்பு முழுமையாக இறங்குவதில்லை. வேகத்தின்போது தசைகளில் சேரும் லாக்டேட்டும் நின்றுவிடும்போது குறைவதைவிட, மெதுவாக ஓடும்போது விரைவாகக் குறைகிறது. சற்றுக் களைத்த நிலையிலும் ஓடிக்கொண்டே தேறுவதற்கு உடல் பழகுகிறது. 2.4 கிலோமீட்டரின் நான்காவது சுற்றில் தம்பிக்குத் தேவைப்பட்டது அந்தப் பழக்கம்தான்.

அன்று ஐஸ் மைலோ என் கணக்கில்.

எட்டு வாரங்கள்

அதன் பிறகு வாரத்துக்கு மூன்று நாள் ஓடினான். ஒரு நாள் மட்டுமே ஃபார்ட்லெக். மற்ற இரண்டு நாளும் வீட்டுக்கு அருகே, முழு வாக்கியங்களில் பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் 20 முதல் 30 நிமிடம். இரண்டு ஓட்ட நாள்களுக்கு இடையே குறைந்தது ஒரு நாள் ஓய்வு.

முதல் இரண்டு வாரம் ஆறு பாய்ச்சல். எதுவும் ஒரு நிமிடத்தைத் தாண்டவில்லை. மூன்றாவது, நான்காவது வாரங்களில் ஏழெட்டுப் பாய்ச்சல். அவற்றில் இரண்டு மூன்று ஒரு நிமிடம் நீடித்தன. ஐந்தாவது வாரத்திலிருந்து ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு நீண்ட பாய்ச்சலைச் சேர்த்தான், இரண்டு நிமிடம்வரை. நீண்ட பாய்ச்சல் என்றால் வேகம் தானாகக் குறைய வேண்டும்; அதை அவன் எளிதில் கண்டுகொண்டான். ஏனென்றால் வேகத்தைக் குறைக்காத நாளில் வாக்கியம் வர நான்கு நிமிடம் ஆனது.

இதற்கிடையே ஒரு வாரம் தவறாகப் போனது. அவன் வகுப்பு நண்பன் ஒருவனும் சேர்ந்து ஓட வந்தான். இருவரும் ஒருவரை ஒருவர் முந்த, நான்காவது பாய்ச்சலிலேயே ஆட்டம் முடிந்தது. ஐந்தாவதில் வேகம் பாதியாகக் குறைந்தது. இடையே இருவரும் நடந்தார்கள். அடுத்த இரண்டு நாள் தம்பி படிக்கட்டில் இறங்கச் சிரமப்பட்டான். இந்த அறிகுறிகளை நீங்களும் அடையாளம் கண்டுகொள்ளலாம்: கடைசிப் பாய்ச்சல் முதலாவதைவிட மிக மெதுவாக இருந்தாலும், மூச்சு அடங்கும் நேரம் ஒவ்வொரு முறையும் நீண்டுகொண்டே போனாலும், இடையில் மெதுவோட்டம் நடையாக மாறினாலும் அன்றைய வேகம் அதிகம். அடுத்த பாய்ச்சலின் வேகத்தைக் குறைக்க வேண்டும். அதுவும் உதவாவிட்டால் அன்றைக்கு மெதுவோட்டத்தோடு வீடு திரும்பலாம்.

நண்பர்களோடு சேர்ந்து ஓடுவதில் தவறில்லை. அடுத்த வாரம் அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதை மாறி மாறி ஒருவர் சொல்ல வேண்டும். ஆனால் அடுத்த பாய்ச்சல், இருவரில் மெதுவாக மூச்சு அடங்குபவர் வாக்கியத்தைச் சொல்லி முடித்த பிறகுதான். முந்துவதற்கு இருந்த ஆசை பாதியாகக் குறைந்தது.

யாருக்கு, எப்போது வேண்டாம்

நிற்காமல் 20 நிமிடம் மெதுவாக ஓட முடியாதவர்கள் முதலில் அந்த நிலைக்கு வர வேண்டும். அதுவரை இதே விளையாட்டை ஒரு படி இறக்கி ஆடலாம்: விறுவிறு நடைக்கு நடுவே விளக்குக் கம்பங்களுக்கு இடையே மெதுவோட்டம். வாக்கியச் சோதனை அதற்கும் பொருந்தும்.

தசை முழுவதும் லேசாக வலிப்பது இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும். ஆனால் முழங்காலுக்குக் கீழே, கெண்டைக்கால் எலும்பில் ஒரே இடத்தை விரலால் அழுத்தும்போது கூர்மையாக வலித்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அதன் மீது மேலும் ஓடுவது எலும்பில் விரிசலாக முடியலாம். நெஞ்சு வலி, தலைசுற்றல் வந்தால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் வேகப் பயிற்சி தொடங்கும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஓடும்போது இன்ஹேலர் கையோடு இருக்கட்டும்.

நம் ஊர் வெப்பமும் ஈரப்பதமும் கணக்கை மாற்றும். புழுக்கமான மாலையில் அதே வேகத்துக்கு இதயம் அதிகமாக உழைக்க வேண்டும். நேற்று ஒன்றரை நிமிடத்தில் அடங்கிய மூச்சு இன்று இரண்டரை நிமிடம் எடுத்தால் நீங்கள் பலவீனமாகிவிட்டீர்கள் என்று பொருளில்லை. கடிகாரத்தை வைத்து ஓடுபவர் அன்று தம்மை வருத்திக்கொள்வார். வாக்கியத்தை வைத்து ஓடுபவருக்கு உடலே அளவைக் குறைத்துக் கொடுக்கும். மழை பெய்து பாதை ஈரமாக இருந்தால் பாய்ச்சல் வேண்டாம், பலகைப் பாலங்களில் ஒருபோதும் வேண்டாம். பூங்கா இணைப்புப் பாதைகளில் மிதிவண்டிகள் வரும். அதனால் வேகம் எடுக்கும் முன் பின்னால் ஒரு முறை திரும்பிப் பாருங்கள். காதில் இசை ஒலிக்க வேண்டாம்.

ஃபார்ட்லெக்கால் முடியாதது

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஆறு சுற்றையும் ஒரே சீரான வேகத்தில் ஓடுவது எப்படி என்பதை ஃபார்ட்லெக் கற்றுத் தராது. அது வேகத்தை ஏற்றி இறக்கும் விளையாட்டு. தேர்வோ வேகத்தை ஏற்றாமல் இறக்காமல் ஓடச் சொல்கிறது. ஆகவே எவ்வளவு வெறுத்தாலும், தேர்வுக்கு முன் ஓரிரு முறையாவது அளந்த தூரத்தில் ஓடிப் பார்க்க வேண்டும்.

ஏழாவது வாரத்தில் தம்பியைத் தடத்துக்குப் போகச் சம்மதிக்க வைத்தேன். 2.4 கிலோமீட்டர் முழுவதும் ஓடச் சொல்லவில்லை. மூன்று சுற்று மட்டும். ஒவ்வொன்றும் 2 நிமிடம் 15 விநாடிக்கு அருகில் இருக்க வேண்டும். முதல் சுற்றை வழக்கம்போல் 1.58ல் முடித்தான். “இப்போ அந்த வாக்கியத்தச் சொல்லு” என்றேன். வரவில்லை. சிரித்தான். வேகத்தைக் குறைத்தான். இரண்டாவது 2.17, மூன்றாவது 2.14. தன் முதல் சுற்று எங்கே தவறியது என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

எட்டாவது வார முடிவில் நடந்த தேர்வுக்கு நான் போகவில்லை. அன்று மாலை வழக்கம்போல் நண்பன் குறித்து வைத்த எண்களை அனுப்பினான். 2.12, 2.15, 2.16, 2.17, 2.16, கடைசிச் சுற்று 2.08. மொத்தம் 13 நிமிடம் 24 விநாடி. முன்னோட்டத்தைவிட 2 நிமிடம் 10 விநாடி குறைவு. இதில் பாதியாவது எட்டு வாரத்தில் கூடிய உடல் திறனால் அல்ல, முதல் சுற்றில் அரை நிமிடம் பொறுமை காத்ததால் கிடைத்தது என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தப் பொறுமையை அவன் கற்றது தடத்தில் அல்ல. இருக்கைக்கும் விளக்குக் கம்பத்துக்கும் இடையே, வாக்கியம் அறுந்து போன நாள்களில்தான்.

தேர்வு முடிந்துவிட்டது. தடத்தை அவனுக்கு இன்னும் பிடிக்கவில்லை. போன சனிக்கிழமை நான் பல்கலைக்கழக வேலை ஒன்றில் மூழ்கியிருந்தபோது, அலமாரியின் அடியிலிருந்து காலணியை இழுத்து மாட்டிக்கொண்டு கதவருகே நின்றான். “நீ வரலையா அக்கா?” என்றான். நான் வரவில்லை என்று தலையசைத்தேன். கையை நீட்டினான். ஐஸ் மைலோவுக்குக் காசு கேட்கிறானாம்.